ஊட்டச்சத்து மதிப்பீட்டுக் குறிப்பு: இரட்டைக் கர்ப்பம், 17-வது வாரம்

வயது 29, முதல் கர்ப்பம். இரட்டைக் குழந்தைகள், நஞ்சுக்கொடி தனித்தனி. உயரம் 158 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 54 கிலோ, பிஎம்ஐ 21.6. இன்று 55.5 கிலோ. 14-வது வாரம் வரை வாந்தி இருந்ததால் கூடியது ஒன்றரை கிலோதான். இப்போது வாந்தி இல்லை, பசி திரும்பியிருக்கிறது.

எடை இலக்கு: இந்த பிஎம்ஐக்கு இரட்டைக் கர்ப்பத்தில் மொத்தம் 16.8 முதல் 24.5 கிலோ வரை கூடலாம் (2009 ஐஓஎம் பரிந்துரை). விட்டதைப் பிடிக்கிறேன் என்று துரத்த வேண்டாம். வாரம் 0.8 கிலோ வீதம் கூடினாலே 37-வது வாரத்தில் 71.5 கிலோ வரும். கீழ் எல்லையைத் தாண்டிவிடும்.

ஆற்றல்: கிலோவுக்கு 40–45 கிலோ கலோரி என்று கணக்கிட்டால் நாளுக்கு 2,160–2,430. இலக்கு 2,400. நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்டு எழுதியதில் சுமார் 1,650தான் தேறுகிறது. 750-ஐ ஒரே நாளில் ஏற்றினால் வயிறு தாங்காது. முதல் வாரம் இரண்டு சிற்றுண்டி சேர்த்து 350 கூட்டுவது, அப்புறம் மீதி. சூத்திரம் தொடக்கத்துக்குத்தான், எடை ஏறாவிட்டால் எண்ணை மாற்றுவோம்.

இரும்பு: ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 14. இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவது சகஜம்தான். ஆனால் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருப்பதால் இதை வெறும் நீர்த்தல் என்று விட முடியாது, கையிருப்பே காலி. உண்மையான சிக்கல் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது: இரும்பு, கால்சியம் இரண்டையும் காலைத் தேநீரோடு ஒன்றாக விழுங்கிவருகிறார். இரும்பில் பாதிகூட உள்ளே போயிருக்காது. மகப்பேறு மருத்துவரிடம் பேசியாயிற்று: தனிம இரும்பு நாளுக்கு 60 மி.கி., படுக்கும் முன், தண்ணீரோடு. தேநீருக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. மலச்சிக்கல் வந்தால் தானாக நிறுத்தாமல் சொல்லச் சொன்னேன்.

கால்சியம்: உணவில் சுமார் 450 மி.கி. மட்டுமே. இலக்கு 1,500. காலை, மதியம் உணவோடு 500 மி.கி. மாத்திரை ஒவ்வொன்று, கூடவே ஒரு குவளை பால் அல்லது தயிர். 2,500 வரை சொல்லும் பரிந்துரையும் உண்டு. அது பாதுகாப்பான உச்ச வரம்பையே தொடுவதால் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கண்காணிப்பு: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே தராசில் எடை, ரத்த அழுத்தம், மாத்திரை எண்ணிக்கை. ஹீமோகுளோபின் நான்கு வாரத்தில். ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறாவிட்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. வளர்ச்சி ஸ்கேன் முடிவு வந்ததும் எடை வரைபடத்தின் பக்கத்திலேயே ஒட்டவும். ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறி, தலைவலியோ முக வீக்கமோ இருந்தால் அது சாப்பாட்டால் வந்த எடை என்று எழுதிவிடக் கூடாது. அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்த்து மருத்துவரிடம் அனுப்பவும்.

மாத்திரை நேரத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சரியாகச் சொன்னார். அடுத்த வருகை 19-வது வாரம். எதிர்பார்க்கும் எடை 57 கிலோ.