தரச் செலவு ஆய்வு: ஜூலை–செப்டம்பர் காலாண்டு, கஞ்சிக்கோடு யூனிட்

பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர்
அனுப்புநர்: தரப் பிரிவு
நாள்: அக்டோபர் 6

சார்,

இந்தக் காலாண்டில் பம்ப் கன்ட்ரோலர் போர்டு விற்பனை 1.60 கோடி ரூபாய். தரத்தைக் காக்கவும், தரம் தவறியதாலும் செலவானது 16.80 லட்சம். விற்பனையில் இது 10.5%. நம் கணக்கில் 'குவாலிட்டி' என்ற தலைப்பில் 4.41 லட்சம்தான் இருந்தது. மீதி கூலியிலும் லாரி வாடகையிலும் தள்ளுபடியிலும் கலந்து கிடந்ததை வவுச்சர் வவுச்சராகப் பிரித்தேன்.

| வகை | ரூபாய் | பங்கு |
|---|---|---|
| தடுப்பு | 1,28,000 | 7.6% |
| சோதனை | 3,84,000 | 22.9% |
| உள்தவறு | 5,12,000 | 30.5% |
| வெளித்தவறு | 6,56,000 | 39.0% |

தடுப்பில் பயிற்சி, ஃபீடர் பராமரிப்பு, எர்த் பட்டை சரிபார்ப்பு அடங்கும். சோதனையில் வரவுப் பொருள் பார்ப்பதும் ஏ.ஓ.ஐ. மெஷினும் கடைசி டெஸ்ட்டும்.

ஒரு இடத்தில் யோசிக்க வேண்டியிருந்தது. ரீவொர்க் முடிந்த போர்டை மறுபடி டெஸ்ட் செய்யும் செலவு 57,000. இதுவரை அதைச் சோதனையில் எழுதினோம். முதல் தடவையே சரியாக வந்திருந்தால் அந்த டெஸ்ட்டே தேவையில்லை என்பதால் உள்தவறில் சேர்த்திருக்கிறேன். அதோடு ரீவொர்க் கூலி 2,46,000, ஸ்கிராப் 1,74,000, லைன் நின்ற நேரம் 35,000.

வெளித்தவறுதான் என்னை உறங்கவிடவில்லை. மாற்றுப் போர்டு 2,90,000, கோயம்புத்தூர் வாடிக்கையாளரின் டெபிட் நோட் 1,85,000, போக்குவரத்து 96,000, பொள்ளாச்சித் தோப்புகளுக்கு ஆள் அனுப்பியது 85,000. தண்ணீர் பாய்ச்ச முடியாமல் நின்ற விவசாயியின் நஷ்டம் இந்த எண்ணில் இல்லை. நம் பெயர் கெட்டதும் இல்லை.

திரும்பி வந்த 64 போர்டுகளைத் திறந்து பார்த்தோம். 41-ல் ஐ.சி. கால்களுக்கு நடுவே சால்டர் உருண்டைகள். அந்த 41-ம் ஜூன் மாத நைட் ஷிஃப்டில் செய்தவை. இடவப்பாதி மழையில் காற்றே ஈரமாக இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பேஸ்ட் டப்பாவை அவசரத்தில் உடனே திறந்திருக்கிறார்கள். குளிர்ந்த பேஸ்ட்டில் ஈரம் படிந்து, ரிஃப்ளோ சூட்டில் ஆவியாகி, சால்டரைத் தெறிக்க வைத்திருக்கிறது. ஏ.ஓ.ஐ. கேமரா மேலிருந்து பார்ப்பதால் ஐ.சி. உடலுக்கு அடியில் ஒளிந்த உருண்டை அதற்குத் தெரியாது. பம்ப் அதிர்வில் அது நகர்ந்து ஷார்ட் ஆகிறது. எனவே இன்னொரு சோதனை மெஷின் வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆள்களைக் குறை சொல்லவும் இல்லை. டப்பாவை மூடியபடியே நான்கு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும் என்று தமிழிலோ மலையாளத்திலோ நாம் எங்கும் எழுதி ஒட்டவில்லை. இனி முந்தைய ஷிஃப்ட் டப்பாவை வெளியே எடுத்து, நேரத்தை லேபிளில் எழுதி வைக்கும். இதற்குச் செலவு இல்லை.

பிரிண்டிங் அறைக்கு ஈரம் நீக்கும் இயந்திரம் 62,000, ஈரமானியும் லேபிளும் 8,000, நைட் ஷிஃப்டில் இருவருக்கு ஐ.பி.சி.-ஏ-610 பயிற்சி 75,000. மொத்தம் 1,45,000. துலாவர்ஷம் வலுக்கும் முன் இயந்திரம் வந்துவிட வேண்டும். இந்த வாரமே ஒப்புதல் தாருங்கள் சார்.