பைப்லைன் இடர்களும் கேச் பொருத்தலும்: அட்டவணை முறையில் தீர்வுகள்
சுங்கை சிப்புட் சனிக்கிழமை மாலை வகுப்பு, இரண்டாம் பருவத் தேர்வுக்கான மீள்பார்வைத் தாள்

கணினிக் கட்டமைப்புத் தாளில் கணக்குகள் கேட்கப்படும் பகுதியில் மதிப்பெண் இழப்பவர்களில் பெரும்பாலோர் பாடம் தெரியாதவர்கள் அல்லர். மனக்கணக்காகப் போட்டு, நான்காவது கட்டளைக்கு வரும்போது எந்தச் சுழற்சியில் நிற்கிறோம் என்பதைத் தவறவிடுகிறவர்கள். ஆகவே இந்தத் தாளில் உள்ள எல்லாக் கணக்குகளும் ஒரே பழக்கத்தில் தீர்க்கப்பட்டுள்ளன. முதலில் கோடு போட்டு அட்டவணை வரைய வேண்டும், ஒரு வரியை முழுமையாக முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும், சூத்திரத்தைக் கடைசியில் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

கணக்கு 1. தரவு இடர்

ஐந்து கட்டப் பைப்லைனில் கீழ்க்காணும் நான்கு கட்டளைகள் ஓடுகின்றன. ஃபார்வர்டிங் இல்லாதபோதும் முழு ஃபார்வர்டிங் உள்ளபோதும் எத்தனை சுழற்சிகள் ஆகும்?

```
1  lw  $t0, 0($s0)
2  add $t1, $t0, $s1
3  sub $t2, $t1, $s2
4  sw  $t2, 4($s0)
```

கட்டளையை எடுப்பது F, பிரித்தறிந்து பதிவகங்களை வாசிப்பது D, கணக்கிடுவது X, நினைவகத்தை அணுகுவது M, பதிவகத்தில் எழுதுவது W. ஒரு கட்டளை ஒரு கட்டத்தில் காத்திருந்தால், அந்தக் கட்டத்தை விட்டு நகரும் சுழற்சியில் மட்டும் எழுத்தை இடுங்கள். காத்திருக்கும் சுழற்சிகளில் சிறு கோடு இடுங்கள்.

அட்டவணைக்கு முன்பு சார்புகளை எழுதிவிட வேண்டும்: 1 எழுதும் `$t0` 2-க்கு வேண்டும், 2 எழுதும் `$t1` 3-க்கு வேண்டும், 3 எழுதும் `$t2` 4-க்கு வேண்டும். மூன்றும் எழுதியதற்குப் பின் வாசிக்கும் சார்புகள். மற்ற இரு வகைகளும், அதாவது வாசித்ததற்குப் பின் எழுதுவதும் எழுதியதற்குப் பின் எழுதுவதும், இந்த எளிய பைப்லைனில் இடராக மாறுவதில்லை. ஏனெனில் எல்லாக் கட்டளைகளும் வரிசை மாறாமல் D-யில் வாசித்து W-யில் எழுதுகின்றன. பெயரைக் கேட்டால் மூன்றையும் எழுதுங்கள், ஸ்டால்களை எண்ணச் சொன்னால் முதல் வகையை மட்டும் எண்ணுங்கள்.

ஃபார்வர்டிங் இல்லாத நிலையில், சுழற்சியின் முதல் பாதியில் பதிவகம் எழுதப்பட்டு இரண்டாம் பாதியில் வாசிக்கப்படுகிறது என்று கொண்டால், எழுதும் கட்டளையின் W-யும் வாசிக்கும் கட்டளையின் D-யும் ஒரே நெடுவரிசையில் அமையலாம்.

```
     1  2  3  4  5  6  7  8  9 10 11 12 13 14
1    F  D  X  M  W
2       F  -  -  D  X  M  W
3                F  -  -  D  X  M  W
4                         F  -  -  D  X  M  W
```

விடை 14 சுழற்சிகள். சரிபார்ப்பு: தடையில்லாமல் ஓடினால் 4 + 5 − 1 = 8; ஸ்டால்கள் 2 × 3 = 6; கூட்டினால் 14.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தாள் ஒன்றில் இந்த அரைச் சுழற்சி அனுமானத்தைக் குறிப்பிடாமலேயே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். நம் வகுப்பில் பாதிப்பேர் 14 என்றும் மீதிப்பேர் 17 என்றும் விடை வைத்திருந்தார்கள், அன்று மாலை முழுவதும் அந்தச் சண்டையிலேயே போயிற்று. எழுதிய மறு சுழற்சியில்தான் வாசிக்க முடியும் என்று கொண்டால் ஒவ்வொரு சார்புக்கும் மூன்று ஸ்டால்கள் விழும், 8 + 9 = 17 வரும். இரண்டுமே சரி. எந்த அனுமானத்தில் போட்டீர்கள் என்பதை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் எழுதாமல் விடுவதுதான் தவறு.

இனி முழு ஃபார்வர்டிங். X-இன் விடையை W வரை காத்திராமல் அடுத்த கட்டளையின் X-க்கு நேராகக் கொடுக்கலாம். செம்பனைக் குலையை லோரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோய்ப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் எண்ணிக்கையைச் சொல்வேன் என்று இருக்காமல், அறுத்த இடத்திலேயே அடுத்த ஆளிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவது போன்றது இது. ஆனால் `lw` கட்டளைக்கு இந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது. அதன் X வெறும் முகவரியைத்தான் தருகிறது, மதிப்பு M முடிந்த பிறகே கையில் வருகிறது. அடுத்த கட்டளையோ அதே சுழற்சியின் தொடக்கத்திலேயே X-இல் அந்த மதிப்பைக் கேட்கிறது. கடந்துபோன நேரத்துக்கு எந்தக் கம்பியாலும் மதிப்பை அனுப்ப முடியாது என்பதால் ஒரு ஸ்டால் கட்டாயம்.

```
     1  2  3  4  5  6  7  8  9
1    F  D  X  M  W
2       F  -  D  X  M  W
3             F  D  X  M  W
4                F  D  X  M  W
```

விடை 9 சுழற்சிகள்; வேகப் பெருக்கம் 14 ÷ 9, ஏறத்தாழ 1.56. நான்காம் வரியைக் கவனியுங்கள். `sw` சேமிக்கும் மதிப்பு அதற்கு M-இல்தான் வேண்டும், முகவரிக்கான `$s0` முன்பே இருக்கிறது, எனவே ஸ்டால் இல்லை.

கேள்வியின் அடுத்த பிரிவு பெரும்பாலும் கட்டளைகளை வரிசை மாற்றச் சொல்லும். கடைசியில் ஐந்தாவதாக `addi $s3, $s3, 1` இருந்தால் மொத்தம் 10 சுழற்சிகள் ஆகும். அதற்கும் மற்றவற்றுக்கும் தொடர்பே இல்லாததால் அதை 1-க்கும் 2-க்கும் நடுவில் ஏற்றினால், வெறுமனே காத்திருந்த சுழற்சியில் ஒரு வேலை நடந்து, ஐந்து கட்டளைகளும் 9 சுழற்சிகளில் முடியும். முதல் மிப்ஸ் கட்டளைத் தொகுதியில் இந்த ஸ்டாலை வன்பொருள் தானாகப் போடவில்லை. கம்பைலர்தான் `lw`-க்கு அடுத்த இடத்தில் தொடர்பில்லாத கட்டளையையோ `nop`-ஐயோ வைக்க வேண்டியிருந்தது. கேள்வியில் லோட் தாமத இடம் என்று வந்தால் இதைத்தான் கேட்கிறார்கள்.

கணக்கு 2. கட்டுப்பாட்டு இடர்

இது சுருக்கமானது. கட்டளைகளில் 20% கிளைகள், அவற்றில் 60% தாவுகின்றன. தாவாது என்று ஊகிக்கும் பைப்லைனில் ஊகம் பொய்த்தால் 2 சுழற்சிகள் வீண். 25% லோட்கள், அவற்றில் 40% உடனே பயன்படுத்தப்பட்டு 1 ஸ்டால் தருகின்றன. கடிகாரம் 2 கிகாஹெர்ட்ஸ், கட்டளைகள் 100 கோடி.

| காரணம் | விகிதம் | வீண் சுழற்சி | கூடுதல் |
|---|---|---|---|
| அடிப்படை | 1 | – | 1.00 |
| கிளை | 0.20 × 0.60 | 2 | 0.24 |
| லோட் | 0.25 × 0.40 | 1 | 0.10 |

ஒரு கட்டளைக்கு 1.34 சுழற்சிகள். நேரம் 10⁹ × 1.34 × 0.5 நானோவினாடி = 0.67 வினாடி. தாவாத 40% கிளைகளுக்கும் தண்டனை போட்டு 0.40 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை.

கணக்கு 3. முகவரியைப் பிரித்தல்

32 பிட் முகவரி, ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. கேச் 16 கிலோபைட், அதாவது 16,384 பைட்; பிளாக் 32 பைட். மூன்று வகைப் பொருத்தலுக்கும் டேக், இண்டெக்ஸ், ஆஃப்செட் பிட்கள் எத்தனை?

பிளாக்குகள் 16,384 ÷ 32 = 512. ஆஃப்செட் எல்லா வகைக்கும் ஒன்றே; 32 = 2⁵ என்பதால் 5 பிட்.

| வகை | செட்கள் | டேக் | இண்டெக்ஸ் | ஆஃப்செட் |
|---|---|---|---|---|
| நேரடிப் பொருத்தல் | 512 | 18 | 9 | 5 |
| நான்கு வழிச் செட் | 128 | 20 | 7 | 5 |
| முழுச் சார்பு | 1 | 27 | 0 | 5 |

ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் 32 வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். டேக் சேமிப்பைக் கேட்டால், வேலிட் பிட்டையும் சேர்த்து, நேரடிப் பொருத்தலுக்கு 512 × 19 = 9,728 பிட்; நான்கு வழிக்கு 512 × 21 = 10,752 பிட். பெருக்க வேண்டியது பிளாக்குகளின் எண்ணிக்கையால். செட்களின் எண்ணிக்கையால் அன்று.

கணக்கு 4. அணுகல் வரிசை

கேச் 64 பைட், பிளாக் 16 பைட், தொடக்கத்தில் காலி. 52, 116, 60, 164, 120, 48, 180, 56 என்ற பைட் முகவரிகள் இந்த வரிசையில் அணுகப்படுகின்றன. நேரடிப் பொருத்தலிலும், எல்ஆர்யூ, ஃபிஃபோ ஆகிய மாற்று முறைகளுடன் இரு வழிச் செட்டிலும் மிஸ்களை எண்ணுக.

கொடுக்கப்பட்டவை பைட் முகவரிகள். அவற்றை அப்படியே 4-ஆல் வகுத்து மீதி கண்டவர்களுக்கு இக்கணக்கில் எதுவும் கிடைக்காது. முதலில் 16-ஆல் வகுத்துப் பிளாக் எண்ணை எடுக்க வேண்டும். அதன் பிறகே 4-ஆலோ 2-ஆலோ வகுத்த மீதி இண்டெக்ஸ் ஆகும். கடைசி நெடுவரிசைகளில் அந்த அணுகல் முடிந்த பின் செட் 1-இல் இருப்பவை, அடுத்து வெளியேற வேண்டியது இடப்பக்கம் வருமாறு எழுதப்பட்டுள்ளன.

| முகவரி | பிளாக் | நேரடி: இடம் | நேரடி | இரு வழி: செட் | எல்ஆர்யூ | செட் 1 | ஃபிஃபோ | செட் 1 |
|---|---|---|---|---|---|---|---|---|
| 52 | 3 | 3 | மிஸ் | 1 | மிஸ் | 3 | மிஸ் | 3 |
| 116 | 7 | 3 | மிஸ் | 1 | மிஸ் | 3, 7 | மிஸ் | 3, 7 |
| 60 | 3 | 3 | மிஸ் | 1 | ஹிட் | 7, 3 | ஹிட் | 3, 7 |
| 164 | 10 | 2 | மிஸ் | 0 | மிஸ் | 7, 3 | மிஸ் | 3, 7 |
| 120 | 7 | 3 | மிஸ் | 1 | ஹிட் | 3, 7 | ஹிட் | 3, 7 |
| 48 | 3 | 3 | மிஸ் | 1 | ஹிட் | 7, 3 | ஹிட் | 3, 7 |
| 180 | 11 | 3 | மிஸ் | 1 | மிஸ் | 3, 11 | மிஸ் | 7, 11 |
| 56 | 3 | 3 | மிஸ் | 1 | ஹிட் | 11, 3 | மிஸ் | 11, 3 |

நேரடிப் பொருத்தலில் 8 மிஸ், எல்ஆர்யூ முறையில் 4, ஃபிஃபோ முறையில் 5. மூன்றாம் வரியை இரண்டு முறைகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ஹிட் ஆனதும் எல்ஆர்யூ வரிசையை மாற்றுகிறது, ஃபிஃபோ மாற்றுவதில்லை. ஹிட்டுக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நினைத்து எல்ஆர்யூ நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டால், 180 வரும்போது 7-க்குப் பதிலாக 3 வெளியேறும், உங்களை அறியாமலேயே ஃபிஃபோ விடையை எழுதிவிட்டு எல்ஆர்யூ என்று பெயரிட்டிருப்பீர்கள். நான் திருத்திய விடைகளில் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுவே.

மிஸ்களை வகைப்படுத்தச் சொன்னால், மார்க் ஹில் 1987-இல் தம் முனைவர் ஆய்வேட்டில் வகுத்த மூன்று பிரிவுகளைப் பயன்படுத்த வேண்டும். வெவ்வேறு பிளாக்குகள் 3, 7, 10, 11 என நான்கு, ஆகவே கட்டாய மிஸ் 4. அதே அளவுள்ள முழுச் சார்புக் கேச் எல்ஆர்யூ முறையில் இந்த நான்கையும் ஒருசேர வைத்துக்கொள்ளும், அதிலும் மிஸ் 4 மட்டுமே. எனவே கொள்ளளவு மிஸ் 0. நேரடிப் பொருத்தலில் எஞ்சிய 4 மிஸ்களும் மோதல் மிஸ்கள். இடம் 0, இடம் 1 ஆகியவை கடைசிவரை காலியாகக் கிடக்க, இடம் 3-க்கு மட்டும் மூன்று பிளாக்குகள் அடித்துக்கொண்டன. ஹிட்டுக்கு 1 சுழற்சி, மிஸ் தண்டனை 40 சுழற்சி எனில் சராசரி அணுகல் நேரம் நேரடிக்கு 1 + 1 × 40 = 41, இரு வழி எல்ஆர்யூவுக்கு 1 + 0.5 × 40 = 21 சுழற்சிகள்.

அடுத்த சனிக்கிழமைக்கு: இதே எட்டு முகவரிகள், இதே 64 பைட் நேரடிப் பொருத்தல் கேச், ஆனால் பிளாக் 32 பைட். கட்டாய, கொள்ளளவு, மோதல் மிஸ்கள் முறையே 3, 3, 2 என்று வர வேண்டும். விடையை முன்பே சொல்லிவிட்டதால், அதற்கு இட்டுச்செல்லும் இரண்டு அட்டவணைகளையும் முழுமையாக எழுதிக் கொண்டுவர வேண்டும்.