பிரமாணம் மொழிபெயர்ப்பு: வேர்டு ஃபைலும் தெளிவான ஸ்கேனும் தேவை

மார்த்தாண்டம்
12.08.2024

அன்புள்ள ஜெபராஜ் அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு ஆவணங்களும் கிடைத்தன. பெங்களூர் வங்கிக்கு ஆங்கிலத்தில் வேண்டும் என்று சொன்னீர்கள். செய்து தருகிறேன். ஆனால் இப்போது கையில் இருப்பதை வைத்து முடிக்க வழியில்லை.

2019 பாகப் பத்திரம் பெரிய தொந்தரவு இல்லை. அதை ஆதாரம் எழுத்தர் கம்ப்யூட்டரில்தான் அடித்திருக்கிறார். நீங்கள் அனுப்பியது பிரிண்டை போட்டோ எடுத்துச் செய்த பிடிஎஃப். அவரிடம் மூல வேர்டு ஃபைல் இருக்கும், கேட்டு வாங்கி அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அதன் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கே திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தபசிலில் இருக்கும் சர்வே எண்களை நான் மறுபடி கையால் அடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஓர் எண் மாறினாலும் சொத்தே மாறிப்போகும். ஃபைல் கிடைக்கவே இல்லை என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும், அதற்குப் பக்கத்துக்கு 60 ரூபாய் கூடுதலாகும்.

தலைவலி பழைய மலையாளப் பிரமாணம்தான். கொல்லம் ஆண்டு 1109 மீனம், அதாவது 1934. திருவிதாங்கூர் காலத்துக் கையெழுத்து, அதை வாசித்துவிடுவேன். பக்கங்களைத் தைத்திருப்பதால் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. மூன்றாம் பக்கத்தில் சங்கு முத்திரைக்கு அடியில் இருக்கும் வரி முழுக்கக் கறுப்பு. அந்த இடத்தில்தான் விஸ்தீரணம் வருகிறது: 14 சென்றா, 19 சென்றா? மேற்கு எல்கையில் வரும் ஆளின் பெயரில் கடைசிப் பாதி மட்டும்தான் தெரிகிறது. நாலாம் பக்கத்துக்கு அடுத்து நேராக ஆறாம் பக்கம் வருகிறது. ஐந்தாம் பக்கம் விட்டுப்போச்சா, இல்லை எண் போட்டவர் தவறா?

ஊகித்து எழுத மாட்டேன். அடியில் என் கையெழுத்து வருகிறது, வங்கி வக்கீல் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். தைத்த நூலைப் பிரிக்க வேண்டாம், பழைய தாள் கிழிந்துவிடும். கடையில் படுக்கையாக வைத்து கலரில் 300 டிபிஐ ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் மைக்கறையும் எழுத்தும் ஒன்றாகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மெயில் போடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு கொடுக்கலாம். வீட்டில் பழைய தீர்வை ரசீது கிடந்தால் அதையும் அனுப்புங்கள், சென்ட் கணக்கைச் சரிபார்க்க உதவும். மேற்கு எல்கைக்காரர் யாரென்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்வதை அடைப்புக்குறியில் குறிப்பாக மட்டுமே போடுவேன், மூலத்தில் இருப்பதாக எழுத முடியாது.

வங்கிக்கு 25ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமென்றால் எல்லாம் 16ஆம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். பாகப் பத்திரத்தின் வேர்டு ஃபைல் முதலில் வந்தால் அதைத் தொடங்கிவிடுவேன். ஏதாவது புரியவில்லை என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மேரி சுதா
மொழிபெயர்ப்பாளர்