தீபாவளி எண்ணெய்: அக்டோபர் 20-க்குள் சொல்லிவிடுங்கள்

வணக்கம்.

இந்த மாதம் ஒரே சேதிதான். தீபாவளிக்கு எண்ணெய் வேண்டுமென்றால் அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் ஆர்டரையும் வாங்கிக்கொள்வோம், ஆனால் பண்டிகை கழிந்துதான் அனுப்ப முடியும்.

ஆர்டர் செய்ய:
https://chekku.example/deepavali

தீபாவளி நவம்பர் 8-தானே, அதற்குள் என்ன அவசரம் என்று தோன்றும். ஆட்டுவதில் தாமதம் இல்லை. காலையில் செக்கில் பருப்பைப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எண்ணெய் பாத்திரத்துக்கு வந்துவிடும். நாள் பிடிப்பது தெளிய வைப்பதற்கு. ஆட்டின கையோடு பார்த்தால் எண்ணெய் மோர் மாதிரி கலங்கலாக இருக்கும். அதை வாய் அகன்ற அண்டாவில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்கிறோம். ஈரம் போகும், கசடு அடியில் தங்கும். சுள்ளென்று வெயிலடித்தால் நான்கைந்து நாளில் மேலாக மொண்டுவிடலாம். மூடாக்குப் போட்டுவிட்டால் பத்து நாள் ஆனாலும் நகராது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அக்டோபர் 20 வாக்கில்தான். எங்கள் தேதி அங்கிருந்து வந்தது.

போன வருஷம் இதைச் சொல்லாமல் விட்டோம். கடைசி வாரத்தில் ஆர்டர் குவிந்தது, வானமும் இருட்டிக்கொண்டு நின்றது. இல்லை என்று சொல்ல மனசு வராமல், அரைகுறையாகத் தெளிந்த கடலை எண்ணெயை நாற்பது கேனில் அடைத்து அனுப்பிவிட்டோம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போட்டோ அனுப்பியிருந்தார். வாணலி விளிம்பு வரை நுரை, நடுவில் ஒற்றை முறுக்கு, அடுப்பெல்லாம் எண்ணெய். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்பது பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் பண்டிகைக் காலையைத் திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா.

அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு அண்டாவையும் திரி போட்டுப் பார்த்துத்தான் அடைக்கிறோம். அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதில் பஞ்சுத்திரியை நனைத்துக் கொளுத்துவோம். சத்தமில்லாமல் எரிந்தால் சரி. சடசடவென்று வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அண்டா மறுபடி வெயிலுக்குப் போகும். உங்கள் வீட்டில் இருக்கும் எண்ணெயிலும் இதைச் செய்து பார்க்கலாம், எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி.

பலகாரத்துக்குக் கடலை எண்ணெய், தலைக்கு நல்லெண்ணெய். எள்ளோடு கருப்பட்டி சேர்த்துத்தான் ஆட்டுகிறோம். எண்ணெய் பிரிந்து வர அது வேண்டும். கேனைத் திறந்ததும் லேசாக வெல்ல வாசம் அடித்தால் அது கருப்பட்டிதான், கலப்படம் என்று பயப்பட வேண்டாம். இரண்டும் 1, 2, 5 லிட்டர் கேன்களில் இருக்கின்றன. செப்டம்பர் விலைதான், ஏற்றவில்லை.

விலைப்பட்டியல்:
https://chekku.example/vilai

ஏற்கெனவே மாதாமாதம் வாங்குகிறவர்கள் மறுபடி ஆர்டர் போட வேண்டியதில்லை. உங்கள் கேன் அக்டோபர் கடைசி வாரத்தில் கிளம்பிவிடும். பலகாரத்துக்காகக் கூடுதலாக வேண்டுமென்றால் மட்டும் அளவை மாற்றுங்கள்:
https://chekku.example/alavu

லிங்க்கெல்லாம் நமக்கு ஒத்துவராது என்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். "கடலை 5, நல்லெண்ணெய் 1" என்று எழுதினால் போதும். நான்தான் படிக்கிறேன், அன்று சாயங்காலத்துக்குள் பதில் வரும்.

செக்கடியிலிருந்து,
மரச்செக்கு எண்ணெய்க் கடை, காங்கேயம்

---

எங்களிடம் ஒரு தடவையாவது எண்ணெய் வாங்கி, மாத மெயில் அனுப்பலாம் என்று டிக் செய்ததால் இது உங்களுக்கு வருகிறது. மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்ப மாட்டோம்.

இனி வேண்டாமா? இதை ஒரு தடவை தொட்டால் நின்றுவிடும்:
https://chekku.example/vendam

பாஸ்வேர்டு கேட்காது, காரணமும் கேட்காது. "வேண்டாம்" என்று பதில் போட்டாலும் நிறுத்திவிடுவோம். மெயில்தான் நிற்கும், நீங்கள் போட்டிருக்கும் ஆர்டர் அப்படியே இருக்கும், பில்லும் கூரியர் விவரமும் வழக்கம்போல வரும்.