பொருள்: கடைசி வேலை நாளை ஜூலை 31-இலிருந்து ஜூலை 11-க்கு மாற்றித் தரக் கேட்டு

02.07.2025, மதுரை

கிளை மேலாளர் அவர்களுக்கு,
நகல்: மனிதவளப் பிரிவு

வணக்கம் சார்.

ஜூன் 2 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தேன். 60 நாள் நோட்டீஸ் கணக்குப்படி என் கடைசி நாள் ஜூலை 31. அதை ஜூலை 11, வெள்ளிக்கிழமைக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை இரவு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததை ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். உசிலம்பட்டியிலிருந்து கொண்டுவந்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நேற்றுக் காலை டம்ளரை இடது கையில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் மூடவே இல்லை. விடியும் முன்னே எழுந்து மல்லிகை மொட்டு பறிக்கிற கை அது. அடுத்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. முதல் சில வாரங்களில் பிசியோதெரபியை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. தம்பி குவைத்தில் இருக்கிறான், செப்டம்பருக்கு முன் அவனுக்கு லீவு கிடையாது. இப்போது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருப்பது சித்தப்பா. அவருக்கும் 12-ஆம் தேதி வரைதான் லீவு. அதனால்தான் 11 என்று கேட்கிறேன்.

புது வேலையில் சீக்கிரம் சேருவதற்காகக் கேட்கிறேனோ என்று யாருக்கும் தோன்றக்கூடாது. அங்கேயும் நேற்றே பேசி, சேரும் தேதியைச் செப்டம்பருக்குத் தள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த மின்னஞ்சலையும், மருத்துவமனையின் அனுமதிச் சீட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

வேலையைப் பொறுத்தவரை, எதையும் பாதியில் விட்டுப் போக மாட்டேன். ஜூன் மாத டி.டி.எஸ். 7-ஆம் தேதிக்குள் கட்டிவிடுவேன். ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கு 11-தான் கடைசி நாள். 10-ஆம் தேதியே போட்டுவிடலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15 வரை நேரம் இருந்தாலும் அதையும் போவதற்குள் முடித்துவிடுகிறேன். முதல் காலாண்டு டி.டி.எஸ். ரிட்டர்னுக்கு வேண்டிய சலான், பான் விவரமெல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கும்.

எனக்குக் கவலை ஜி.எஸ்.டி.ஆர்-3பி மட்டும்தான். 2பி 14-ஆம் தேதிதான் வரும். அது வந்த பிறகே நம் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு எவ்வளவு வரி வரவு எடுக்கலாம் என்று பார்க்க முடியும். 3பி-க்கு 20-ஆம் தேதி கடைசி, அது ஞாயிற்றுக்கிழமை வேறு. புதிதாக வந்த தம்பி மற்ற எல்லாவற்றையும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். இந்த ஒப்பீட்டை மட்டும் அவர் இன்னும் தனியாகச் செய்து பார்க்கவில்லை. சப்ளையர் தாமதமாக ஏற்றிய பில்லை எப்படிப் பிரித்து வைப்பது என்பது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் புரியும். அதனால் 17-ஆம் தேதி, வியாழக்கிழமை, நானே ஒரு நாள் ஆபீஸுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து முடித்துத் தருகிறேன். அன்றைக்கு மட்டும் சித்தப்பா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குச் சம்பளம் வேண்டாம் சார். அப்புறம் ஜூலை மாதம் முழுக்க, சாயங்காலம் 6 மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் போனில் இருப்பேன்.

நோட்டீஸில் குறைவது 20 நாள். திங்கள், செவ்வாய் எடுத்த லீவு போக என் கணக்கில் இன்னும் 9 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு, மீதி 11 நாளுக்கு உரிய தொகையைக் கடைசி செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்ளலாம். நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தால் இந்த நேரத்தில் பெரிய உதவியாக இருக்கும். பிடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்று: பணி விடுவிப்புக் கடிதத்திலும் பி.எஃப். தளத்திலும் வெளியேறிய நாள் ஜூலை 11 என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரண்டும் மாறிப்போனால் பின்னால் பி.எஃப். மாற்றும்போது சிக்கலாகும்.

11-க்கு ஒத்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால் 18-ஆம் தேதி வரை எப்படியாவது சமாளிக்கப் பார்க்கிறேன். சித்தப்பா தன் வேலையிடத்தில் இன்னும் ஒரு வாரம் கேட்க வேண்டியிருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை, 4-ஆம் தேதிக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்ததை அம்மாவிடம் சொன்னேன். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
முதுநிலைக் கணக்காளர்,
கணக்குப் பிரிவு, பணியாளர் எண் 118

இணைப்பு: மருத்துவமனை அனுமதிச் சீட்டு, சேரும் தேதி மாற்றிய மின்னஞ்சல், ஒப்படைக்க வேண்டிய வேலைகளின் பட்டியல்