மருதாணி விரல்

பிள்ளையார் நோன்பு அன்று சாயங்காலம் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ஆவாரம்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். லெட்சுமணன் அண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார். பெரியப்பா மகன், சென்னையில் வேலை. ஆள் சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனை நீட்டினார்.

"ஆத்தா, இது நம்ம வீட்டு வாசல்தானே?"

பார்த்தேன். நம்ம வீட்டு வாசல்தான். விடியாத இருட்டு, வாசலில் ஒரு குட்டி யானை வண்டி, அதில் பழைய ஜமக்காளத்தால் சுற்றிக் கயிறு போட்ட ஒரு பெரிய பலகை. வண்டிக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் அப்பா. படத்துக்குக் கீழே தமிழில் இரண்டு வரி: "கண்ணாடியையும் வித்துட்டாங்க மெய்யா. அப்பா அழறாங்க, யார்கிட்டயும் சொல்லாத."

அது நான் எழுதியது. படமும் நான் எடுத்ததுதான்.

கையில் இருந்த பூவைக் கீழே போட்டது நினைவிருக்கிறது. அண்ணன் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. அந்தப் படம் இருக்கவே முடியாதே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு முறை பார்த்ததும் மறைந்துவிடும்படி, அந்தச் சின்ன '1' வட்டத்தைத் தொட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் பார்த்தாள், எனக்கு Opened என்று வந்தது. என் போனில் எடுத்த மூலப் படத்தையும் அன்றைக்கே அழித்தேன். அப்புறம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது யாருக்கும் புரியாது.

பெல்ஜியம் கண்ணாடி. ஆள் உயரத்துக்கும் மேலே, தேக்குச் சட்டத்தில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். ஐயாவின் ஐயா ரங்கூனில் கொடுத்து வாங்கல் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்தது. 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வந்தபோது அவர் காடு மலையெல்லாம் நடந்து, உடுத்திய வேட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார் என்பார்கள். தொழில் போயிற்று, கணக்குப் புத்தகங்கள் போயின. முன்னாலேயே வந்துவிட்ட மரமும் கண்ணாடியும்தான் மிஞ்சின. எங்கள் வீட்டில் கல்யாணம் ஆன எல்லாப் பெண்களும் அதன் முன்னால் நின்றுதான் கழுத்துரு பூட்டிக்கொண்டார்கள். அப்பத்தாவுக்கு அந்தக் கண்ணாடி என்றால் உயிர்.

வீடு ஏழு பங்கு. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை. ஆறு அறைகளுக்குப் பூட்டு, சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும். பள்ளத்தூரிலேயே இருந்து கூட்டிப் பெருக்கி, மழைக்கு ஒழுகும் ஓட்டை மாற்றி, மின்சாரக் கட்டணம் கட்டி வீட்டை நிறுத்தி வைத்தது என் அப்பா. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். அது நொடித்துப் போனது, கடன். மேல்மாடியில் கிடந்த எனாமல் சட்டிகள் முதலில் போயின. அடுத்தது பித்தளை அண்டா. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. தீபாவளி முடிந்த மறுநாள் விடியற்காலம் நாலரை மணிக்கு இந்தக் கண்ணாடி.

சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். முகப்பில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வண்டிக்காரர் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஜமக்காளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் துண்டை எடுத்தார். பார்க்கிறவர்களுக்கு வேர்வை துடைப்பதுபோலத்தான் இருக்கும். ஐப்பசி மாசக் குளிரில் யாருக்கு வேர்க்கும்? நான் ஏன் போனை எடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அழுகை வந்தது, கை போனுக்குப் போனது, அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. போய் அப்பா பக்கத்தில் நின்றிருக்கலாம்.

இரவு வரைக்கும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பத்தாவிடம் கண்டிப்பாக முடியாது. அதனால் மெய்யம்மைக்கு அனுப்பினேன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மறைந்துவிடும் என்ற தைரியத்தில்தான் அனுப்பினேன். இருக்கும் என்று தெரிந்திருந்தால் அவளுக்குக்கூட அனுப்பியிருக்க மாட்டேன்.

அண்ணன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷாட் இல்லை. அந்த மாதிரி அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. இன்னொரு போனால், திரைக்கு நேராகப் பிடித்து எடுத்த போட்டோ. அப்பாவின் வெள்ளை வேட்டி மேல் நீலமும் ரோஸுமாக நெளிநெளியாகக் கோடுகள். ஓரத்தில் டியூப்லைட்டின் வெளிச்சம் ஒரு குச்சி போல. கீழே, போனைப் பிடித்திருந்த கட்டைவிரல் பாதி தெரிந்தது.

அந்த விரலில் மருதாணி. நகத்துக்குக் கீழே தொப்பி வைத்தாற்போல வட்டமாக வைத்து, வலப்பக்கம் கொஞ்சம் வழிந்து, செம்பட்டையாக ஒரு வால். தீபாவளிக்கு முந்தின ராத்திரி அம்மியில் அரைத்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவள் பத்து விரலுக்கும் நான்தான் வைத்துவிட்டேன். கட்டைவிரலுக்கு வைக்கும்போது அவள் சிரித்துக் கையை ஆட்டிவிட்டாள். அந்த வால் அப்படி வந்ததுதான்.

"யார் அனுப்பினாங்கண்ணே?"

"சென்னையில ஒரு அயித்தை. அவுகளுக்கு அவுக தங்கச்சி அனுப்பினாகளாம், இங்கேருந்து." அவர் என்னைப் பார்த்தார். "நீ எழுதினதுன்னு எனக்குப் படிச்சதும் தெரிஞ்சிருச்சு. உங்கப்பாகிட்ட நான் காட்டல. ஆனா பெரியவுகளுக்குக் கண்ணாடி போன சங்கதி தெரியும். இன்னிக்குக் கேப்பாக."

நான் செருப்புக்கூடப் போடாமல் அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

மெய்யம்மை வாசலில் கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் முகம் மாறிவிட்டது. என்ன விஷயம் என்று அவள் கேட்கவே இல்லை.

"எதுக்குடி எடுத்தே?"

காவிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அது போயிரும்ல, அதான். உனக்கு என்ன பதில் போடுறதுன்னே தெரியல. திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டு நல்லதா ஏதாவது எழுதணும்னு நெனச்சேன். என் போன்ல எடுக்க முடியலன்னு அம்மா போன்ல எடுத்தேன். எழுதி எழுதி அழிச்சேன் உமா, பத்து தடவை."

அன்றைக்கு அவள் எனக்கு என்ன பதில் போட்டாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "நான் இருக்கேன்டி" என்று மூன்று சொல்கூட இல்லாமல் வந்தது. அந்த இரண்டு சொல்லுக்காக நான் ராத்திரி முழுக்கப் போனை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தேன்.

"அழிக்க மறந்துட்டேன். அம்மா பாத்துட்டாங்க. பாவம்னு சொல்லித்தான் பெரியம்மாவுக்கு அனுப்பினாங்களாம். எனக்கு அப்பறந்தான் தெரியும்."

"தெரிஞ்சதும் ஏன் சொல்லல?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அழுதாள். எடுத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஒரு மாசமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லாமல் இருந்ததைத்தான் முடியவில்லை. அவளை அழ விட்டுவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில் இன்னொன்று உறைத்தது. அப்பாவும் அப்படித்தானே? அவர் இருட்டில், யாரும் பார்க்கவில்லை என்று நம்பித்தான் துண்டை எடுத்தார்.

வீட்டில் முகப்பில் ஜமக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன ஐயா வீட்டுச் சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"பொதுச் சாமான் அது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூவின் இதழை விரலால் தடவிக்கொண்டே, "கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார்.

"படமே ஊரெல்லாம் சுத்துது."

அப்பா நிமிர்ந்தார். "படமா? எந்தப் படம்?"

"வண்டில ஏத்துற படம்."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "அந்த வண்டிக்காரப் பயதான் எடுத்திருப்பான். அவனை விட்டா அங்க யாரு இருந்தா? கூடக் காசு கொடுத்து, வெளிய சொல்லாதப்பான்னு கும்பிட்டுச் சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இப்பவே கேக்குறேன்."

அப்போது அப்பத்தா உள்ளேயிருந்து கூப்பிட்டது. "நேரமாச்சு. நோன்புன்னைக்கு என்ன பஞ்சாயத்து? எல்லாரும் வாங்க, இழை எடுத்துக்கலாம்."

வளவில் பிள்ளையார் முன்னால் விளக்கு எரிந்தது. இருபத்தொரு நாளும் எடுத்து வைத்த இருபத்தொரு நூல் இழையைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் செருகி, பெரியப்பா ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். அப்பா முறை வந்தபோது பெரியப்பா கை ஒரு நொடி நின்றது. பிறகு தன் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கொடுத்தார். அப்பா சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் கொடுத்தார். நாக்கில் ஒரு சின்னச் சூடு, அப்புறம் வெல்லம்.

கும்பிட்டு எழுந்ததும் அப்பா நேரே திண்ணைக்குப் போனார். பின்னாலேயே போனேன். போனில் வண்டிக்காரர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி போடாததால் திரையைத் தூரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டே போனார்.

"அப்பா, அவர் எடுக்கல."

"உனக்குத் தெரியாது ஆத்தா. உள்ள போ."

"நான் எடுத்தேன். தூணுக்குப் பின்னால நின்னு எடுத்து மெய்யம்மைக்கு அனுப்பினேன். மறைஞ்சிரும்னு நெனச்சேன்."

விரல் நின்றது. உள்ளே யாரோ பணியாரத்துக்குத் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா போனை அணைத்து மடியில் வைத்தார். ரொம்ப நேரம் வாசலையே பார்த்தார், வண்டி நின்ற இடத்தை.

"அதுல என் மூஞ்சி தெரியுதா?"

"துண்டு மறைச்சிருக்கு."

"வேர்வைதான் அது" என்றார்.

"ஆமாம்ப்பா."

கீழே நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும். அவர் கொஞ்சம் நகர்ந்து திண்ணையில் இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.