கடைமடைக்காரனின் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சங்கத்துப் பெரியவர்களுக்கும், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எனக்காக வேன் பிடித்து வந்திருக்கிற ஊர்க்காரர்களுக்கும் முதல் வணக்கம்.

பாரம்பரிய நெல்லுக்கான விருது என்று என் பெயரை வாசித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் கேடயத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது, மிச்சப் பேரை நான் வாயால் சொல்லியாக வேண்டும்.

என் வயல் தலைஞாயிறு பக்கம், கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று எத்தனையோ பேர் வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சினால்தான் எனக்கு. இந்த வருஷம் நட்ட இருபதாம் நாள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்று மேல்வயல் சித்தப்பாவுக்குத்தான் முறை. ராத்திரி இரண்டு மணிக்கு, தன் வயலில் பாதிகூட ஏறாத நேரத்தில், வைக்கோலையும் சேற்றையும் அப்பி மடையை அடைத்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு வந்து என் கதவைத் தட்டினார். "எழுந்திருடா, தண்ணி வருது, போய் மடையைத் திற." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது கூரை போய், வைத்திருந்த விதைநெல் எல்லாம் நனைந்து முளைத்துவிட்டது. அப்போது திருத்துறைப்பூண்டிப் பெரியப்பா ஒருவர் இரண்டு மரக்கால் மாப்பிள்ளைச் சம்பாவைத் துண்டில் முடிந்து கொடுத்தார். காசு நீட்டினேன், "விளைஞ்சதும் இன்னொருத்தனுக்குக் கொடு" என்றார். 'காலத்தினாற் செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறள் எனக்குப் புரிந்தது அந்த முடிச்சை அவிழ்த்தபோதுதான்.

இந்த ரகம் ஆள் உயரம் வளரும், ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். அறுப்புக்கு முன்னால் வரப்பில் நின்று பார்த்தால் மணி பிடித்த கதிரெல்லாம் சாய்ந்திருக்கும், பதர் மட்டும் விறைப்பாக நிற்கும். அப்பா அதைக் காட்டித்தான் என்னை வளர்த்தார். 'பணியுமாம் என்றும் பெருமை' என்று வள்ளுவர் சொன்னதும் அதுதானே. நான் காவிரியைக் கொண்டுவரவில்லை, விதையை உண்டாக்கவில்லை, மழையை நிறுத்தவில்லை. வந்ததை வாங்கி வைத்துக் காத்தேன், அது மட்டும் என் வேலை.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள். எனக்கு உப்பிட்டவர்கள் இடுப்பு ஒடிய நட்டு, களை பறித்த ஒன்பது அக்காமார்கள். விருதுப் பணத்தை அவர்களோடுதான் பிரித்துக்கொள்கிறேன், வீட்டிலும் சம்மதம்.

பெரியப்பாவுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறது. தைக்கு அப்புறம் விதை வேண்டுபவர்கள் பை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஆளுக்கு இரண்டு மரக்கால், காசு வேண்டாம்.

அக்கா, எல்லாரும் மேலே வாங்க. தம்பி, போட்டோவை இப்போ எடுப்பா.